34 வாரம், டேப்ல 29 தான் வருது... வளர்ச்சி நின்னுடுச்சா?

முதல்டூட்டி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நர்சிங் முடிச்சு கர்ப்பிணி செக்கப் ஓபில சேந்து மூணு மாசம் ஆகுது. இன்னைக்கு ஒரு கேஸ் பாத்ததுல இருந்து மனசு சரியில்ல, அதான் இங்க கேக்குறேன்.

அந்தக்காவுக்கு மூணாவது பிரசவம், 34 வாரம். முதல் ரெண்டும் நார்மல் டெலிவரி. நான் டேப் வச்சு கர்ப்பப்பை உயரத்த அளந்தா 29 சென்டிமீட்டர் தான் வருது. ரெண்டு தடவ அளந்தேன், ரெண்டு தடவையும் 29. கார்டுல முன்னாடி எழுதிருக்கறத பாத்தா 24 வாரத்துல 24, 28 வாரத்துல 28, 32 வாரத்துல 32. அப்போ ரெண்டு வாரத்துல 3 சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு, இது எப்படி நடக்கும்? பிரஷர் 110/70, யூரின்ல புரோட்டீன் இல்ல, குழந்தை நல்லா அசையுதுன்னு தான் சொல்றாங்க. எங்க சீனியர் "நீ தப்பா அளந்துருப்ப, 34னு போட்டுட்டு அனுப்பு, வெளிய கூட்டம் நிக்குது"ன்னு சொல்லிட்டாங்க. நான் 29னே எழுதி டாக்டர் பாக்கணும்னு நிறுத்தி வச்சிருக்கேன், நாளைக்கு காலைல திரும்ப வர சொல்லிருக்கேன். பண்ணது சரியா?

லேபர்ரூம் எழுதினது:

5 சென்டிமீட்டர் குறைவுன்னா இது ஐயுஜிஆர் தாம்மா, யோசிக்கவே வேணாம். வாரமும் சென்டிமீட்டரும் ஒண்ணா இருக்கணும், 2 முன்ன பின்ன போலாம், அதுக்கு மேல போனா குழந்தைக்கு உள்ள ஊட்டம் போகல. சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி விடு, ஊசி போட்டு குழந்தைய வெளிய எடுத்துடுவாங்க.

கவலைஅப்பா எழுதினது:

வயிறு சின்னதா இருந்தா பையன்னு சொல்றாங்களே, அதுக்காக இருக்குமோ? என் வைஃபுக்கும் வயிறு அவ்வளவா தெரியல, 26 வாரம்.

பழையசிஸ்டர் எழுதினது:

கவலைஅப்பா, பையனா பொண்ணாங்கறதுக்கும் வயித்துக்கும் ஒரு சம்மந்தமும் இல்லப்பா. உங்க வைஃப டேப் வச்சு அளந்தாங்களா இல்ல பாக்கறவங்க கண்ணால அளந்து சொன்னதா? ரெண்டாவதுன்னா விட்டுடுங்க, அடுத்த செக்கப்புல அளக்க சொல்லுங்க.

முதல்டூட்டி, நீ 29னு எழுதினது தான் சரி. அதுல மாறவே மாறாத. நான் 27 வருஷம் இதே வேல பாத்தவ, அந்த கார்ட பாத்ததும் எனக்கு முதல்ல உறுத்துனது உன்னோட 29 இல்ல, அந்த 24-24, 28-28, 32-32 தான். நெஜ வயிறு அப்படி வாரம் சொன்ன மாதிரி வராதும்மா. ஒருக்கா 23 வரும், ஒருக்கா 29 வரும். மூணு தடவையும் அச்சடிச்ச மாதிரி வந்திருக்குன்னா யாரோ வாரத்த பாத்துட்டு டேப்ப இழுத்திருக்காங்க, இல்ல டேப்பே எடுக்காம எழுதிருக்காங்க. அதனால "3 குறைஞ்சிடுச்சு"ங்கற கணக்க தூக்கி போடு. நம்ப முடியற அளவு உன்கிட்ட ஒண்ணு தான் இருக்கு, அது 29.

லேபர்ரூம் சொன்னது பாதி சரி. அளவு குறைஞ்சா குழந்தை சின்னதா இருக்கலாம், ஆனா அது பல காரணத்துல ஒண்ணு தான், குழந்தைய எடுக்கறத பத்தி பேச இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. அதுக்கு முன்னாடி நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. எப்படி அளந்த, ஒவ்வொண்ணா சொல்லு. தேதி எதை வச்சு 34னு சொல்ற? மேல கைய வச்சப்ப கைல என்ன பட்டுச்சு?

முதல்டூட்டி எழுதினது:

அக்கா நன்றி, இப்பதான் கொஞ்சம் மூச்சு வருது.

தேதி சரியா தான் இருக்கு, மாதவிடாய் தேதிப்படி வந்ததும் 11 வாரத்துல எடுத்த ஸ்கேன்ல வந்ததும் 3 நாள் தான் வித்தியாசம்.

அளக்கறதுக்கு முன்னாடி யூரின் போயிட்டு வர சொன்னேன். மல்லாக்க படுக்க வச்சு கால நீட்ட சொல்லி, நெஞ்செலும்பு கீழ இருந்து இடது கையோட சுண்டுவிரல் ஓரத்தால அழுத்திட்டே கீழ வந்தேன், கர்ப்பப்பை மேல்விளிம்பு எங்க தட்டுதோ அங்க டேப்போட ஒரு முனைய புடிச்சு, கீழ முன்பக்க இடுப்பெலும்போட மேல் ஓரம் வரைக்கும் இழுத்தேன். நம்பர் மேல தெரியற மாதிரி தான் வச்சேன்.

மேல கைய வச்சப்ப... உண்மைய சொல்றேன், ஒண்ணும் புரியல. தலையும் இல்ல பிட்டமும் இல்ல, காலியா மெத்துனு இருந்துச்சு. எனக்கு தான் பாக்க தெரியலன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் ஒண்ணு, வயிறு உயரமா இல்லாம பக்கவாட்டுல அகலமா இருக்க மாதிரி தோணுச்சு, மூணாவது பிரசவம்ல, தளர்ந்து போச்சுன்னு நெனச்சுகிட்டேன்.

பழையசிஸ்டர் எழுதினது:

பாத்தியா, உன் கை சரியா தான் சொல்லிருக்கு, நீ தான் நம்பல. மேல காலி, அகலமான வயிறு, வாரத்துக்கு கம்மி உயரம், மூணாவது பிரசவம். குழந்தை குறுக்கா படுத்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். நெட்டுக்கு இருக்க வேண்டிய குழந்தை படுத்துட்டா உயரம் கொறையத்தான செய்யும்.

நாளைக்கு அவங்க வந்ததும் டேப்ப எடுக்காத, முதல்ல கைய வை. உள்ளங்கைய தேய்ச்சு சூடு பண்ணிக்கோ, ஜில்லுனு வச்சா வயித்த இறுக்கிடுவாங்க, அப்புறம் கல்லத் தடவற மாதிரி தான். இப்போ கால நீட்ட வேணாம், முட்டிய லேசா மடக்க சொல்லு, வயிறு தளரும். விரல் நுனியால குத்தாத, விரலோட தட்டையான பக்கத்தால அழுத்து.

முதல்ல அவங்க முகத்த பாத்து நின்னுட்டு ரெண்டு கையையும் மேல்விளிம்புல வை. தலைன்னா கெட்டியா உருண்டையா இருக்கும், ரெண்டு கைக்கு நடுவுல தட்டுனா உடம்பு நகராம அது மட்டும் தனியா ஆடும். பிட்டம்னா அகலமா மெத்துனு இருக்கும், தட்டுனா உடம்போட சேந்து நகரும். ரெண்டும் இல்லன்னா காலி.

அடுத்து ரெண்டு பக்கமும். ஒரு கைய அசையாம ஒரு பக்கம் அணைச்சு புடிச்சுகிட்டு இன்னொரு கையால தேடு, அப்புறம் மாத்து. நேரா இருக்க குழந்தைன்னா ஒரு பக்கம் முதுகு நீளமா வழவழன்னு ஒரே வளைவா வரும், எதிர் பக்கம் கை கால் சின்ன சின்ன முடிச்சா நழுவும். குறுக்கா இருந்தா அந்த உருண்டை தலையே இடுப்பு பக்கத்துல உன் உள்ளங்கைல வந்து உக்காரும், எதிர் பக்கம் பிட்டம். கைல பட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

கடைசியா அவங்க கால் பக்கம் திரும்பி நின்னு ரெண்டு கையையும் கீழ இடுப்பெலும்ப நோக்கி எறக்கி பாரு. அங்கயும் காலியா இருந்தா கிட்டத்தட்ட முடிஞ்சது. துடிப்பு தொப்புள் மட்டத்துல பக்கவாட்டுல கேக்கும். தலை கீழ இருந்தா தொப்புளுக்கு கீழயும் பிட்டம் கீழ இருந்தா தொப்புளுக்கு மேலயும் தெளிவா கேக்கறது வழக்கம், ஆனா துடிப்ப மட்டும் வச்சு முடிவு பண்ணிடாத, அது பக்கத்துல எல்லாம் பரவி கேக்கும்.

இதெல்லாம் முடிச்சுட்டு டேப். இந்த தடவ நம்பர் உள்பக்கம் இருக்க மாதிரி கவுத்து வச்சு அளந்து, எடம் புடிச்சப்புறம் திருப்பி படி. 34 வாரம்னு தெரிஞ்சா கை தன்னால 33க்கும் 34க்கும் இழுத்துட்டு போகும், நீ நல்லவளா கெட்டவளாங்கறது இல்ல, எல்லார் கையும் அப்படித்தான். உன் 29 அந்த இழுப்பையும் மீறி வந்த 29, அதனால தான் நான் மதிக்கறேன்.

இன்னொரு விஷயம், அந்த 20 வார ஸ்கேன் ரிப்போர்ட் கார்டுல சொருகி இருக்கும், நஞ்சுக்கொடி எங்க இருக்குன்னு என்ன போட்டிருக்குன்னு பாத்து சொல்லு. இது முக்கியம்.

ஸ்கேன்ராஜா எழுதினது:

இவ்ளோ கஷ்டம் எதுக்குங்க, இந்த காலத்துல போய் கைய வச்சு தடவி டேப் போட்டுனு. ஒரு ஸ்கேன் எடுத்தா குழந்தை எப்படி இருக்கு, எவ்ளோ எடை, நீர் எவ்ளோ எல்லாம் ரெண்டு நிமிஷத்துல வந்துடும். நான் ஸ்கேன் சென்டர்ல தான் வேல பாக்குறேன், தலை கீழ இருக்குன்னு எழுதி அனுப்பறாங்க, வச்சு பாத்தா பிட்டம். வாரத்துல ஒண்ணாவது வரும்.

பழையசிஸ்டர் எழுதினது:

நீங்க சொல்றது பொய் இல்ல தம்பி. நானே ஒரு தடவ 37 வாரத்துல தலை கீழ இருக்குன்னு அடிச்சு எழுதிட்டு, வலி வந்து வந்தப்ப பாத்தா பிட்டம். குண்டா இருக்கவங்க, நீர் அதிகமா இருக்கவங்க, கட்டி இருக்கவங்க இவங்களுக்கு கையும் ஏமாத்தும் டேப்பும் ஏமாத்தும். டேப் சரியா போட்டாலும் சின்ன குழந்தைல நெறைய பேர தவற விட்டுடும், அதையும் ஒத்துக்கறேன். 36 வாரத்துக்கு முன்னாடி குழந்தை எப்படி படுத்திருக்குன்னு வழக்கமா தேடவே வேணாம், அது புரண்டுட்டே தான் இருக்கும்னு சொல்றவங்களும் உண்டு.

ஆனா ஒவ்வொரு செக்கப்புக்கும் ஸ்கேன் யாருக்கு கெடைக்குது? உலக சுகாதார நிறுவனம் 2016ல 8 தடவ பாக்க சொல்லுச்சு, முதல் 12 வாரத்துக்குள்ள ஒண்ணு, அப்புறம் 20, 26, 30, 34, 36, 38, 40. அதுல ஸ்கேன்னு கேட்டது 24 வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு தான். மத்த நேரம் நம்ம கையும் டேப்பும் தான் யார ஸ்கேனுக்கு அனுப்பணும்னு சொல்லுது. இந்தம்மாவையே பாருங்க, பிரஷர் சரி, யூரின் சரி, அசைவும் சரி. அந்த 29 இல்லன்னா உங்க சென்டர் வாசலுக்கே வந்திருக்க மாட்டாங்க.

ஏழாம்மாசம் எழுதினது:

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கவும் அக்கா. எனக்கு 31 வாரம், முதல் குழந்தை. எனக்கும் வயிறு சின்னதா தான் இருக்கு அதனால தான் இந்த இழைய படிச்சேன். போன செக்கப் மூணு வாரத்துக்கு முன்னாடி, அப்ப எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. நேத்துல இருந்து அசைவு கம்மியா இருக்க மாதிரி இருக்கு, இனிப்பா எதாவது சாப்பிட்டு பாக்கலாமா? ரெண்டு நாளா தலைவலி வேற, மாத்திரை போட்டும் போகல, மேல் வயித்துல வலது பக்கம் ஒரு மாதிரி புடிச்ச மாதிரி இருக்கு, கேஸ்னு நெனைக்கறேன். கைல மோதிரம் கழட்ட முடியல, வெயிட் போட்டிருப்பேன். அடுத்த செக்கப் திங்கக்கிழமை, அதுவரைக்கும் வெயிட் பண்ணலாம்ல? என் கேள்வி வயிறு சின்னதா இருக்கறத பத்தி தான்.

பழையசிஸ்டர் எழுதினது:

ஏழாம்மாசம், கண்ணு, இத படிச்சதும் போன வச்சுட்டு கெளம்பு. திங்கக்கிழமை இல்ல, காலைலயும் இல்ல, இப்பவே. பிரசவம் பாக்கற எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, ராத்திரின்னாலும் சரி. தனியா போகாத, நீயா வண்டி ஓட்டாத.

வயிறு சின்னதா இருக்கறத அப்புறம் பேசலாம். மாத்திரைக்கும் போகாத தலைவலி, மேல் வயித்து வலி, மோதிரம் இறுகற அளவு வீக்கம், அசைவு கம்மி. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணுக்கும் நீ ஒரு காரணம் சொல்லிடுவ, சேத்து பாத்தா இது பிரஷர் ஏறின மாதிரி இருக்கு. அந்த வலது பக்கம் புடிக்கறது கேஸா இல்லாம ஈரல் சம்மந்தப்பட்டதா இருக்கலாம். மூணு வாரத்துக்கு முன்னாடி நார்மலா இருந்த பிரஷர் இன்னைக்கு நார்மல்னு அர்த்தம் இல்ல, சில பேருக்கு நாள் கணக்குல ஏறிடும். கண்ணு மங்கலா இருக்கா, மின்னுற மாதிரி தெரியுதா? அங்க போனதும் "தலைவலி"னு மட்டும் சொல்லிட்டு வரிசைல உக்காராத, "31 வாரம், தலைவலி, மேல் வயித்து வலி, அசைவு கொறஞ்சிருக்கு"ன்னு ஒரே மூச்சுல சொல்லு.

அசைவுக்கு இனிப்பு சாப்பிட்டு பாக்கறது, தண்ணி குடிச்சு பாக்கறதுன்னு நேரம் போக்காத. வீட்டுல துடிப்பு கேக்கற மிஷின் யாராவது குடுத்தா அதையும் நம்பாத. துடிப்பு கேக்குதுங்கறது குழந்தை நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, உன் சொந்த ரத்த ஓட்டத்தையே கேட்டுட்டு நிம்மதியா படுத்துடுவ.

லேபர்ரூம் எழுதினது:

ரெண்டு மணி நேரம் இடது பக்கம் ஒருக்களிச்சு படுத்து 10 அசைவு வருதான்னு எண்ணலாமே, வந்துட்டா பயப்பட வேணாம்.

பழையசிஸ்டர் எழுதினது:

லேசா சந்தேகம் இருக்கவங்களுக்கு அது ஒரு வழி, 28 வாரத்துக்கு அப்புறம். ஆனா எல்லா குழந்தைக்கும் பொருந்தற ஒரு எண் கெடையாது. வழக்கமா நாள் முழுக்க துள்ளற குழந்தை இன்னைக்கு 10 தான் அசைஞ்சுதுன்னா, 10 வந்துடுச்சேன்னு விட முடியுமா? அவங்களுக்கு பழகின அசைவு மாறிடுச்சுன்னு தோணுனாலே வரணும். அப்புறம் "பிரசவம் நெருங்க நெருங்க எடம் பத்தாம அசைவு கம்மியாயிடும்"னு ஒரு பேச்சு இருக்கு, அத நம்பி லேட்டா வந்தவங்கள நான் பாத்திருக்கேன். உதைக்கற விதம் மாறலாம், கொறையக்கூடாது. இந்தப் பொண்ணுக்கு மத்த அறிகுறி எல்லாம் இருக்கப்ப எண்ணிட்டு உக்காரவே கூடாது.

முதல்டூட்டி எழுதினது (மறுநாள்):

அக்கா!! குறுக்கா தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே கைய சூடு பண்ணி, முட்டிய மடக்க சொல்லி பாத்தேன். மேல காலி, கீழ காலி, வலது பக்கம் இடுப்புக்கு மேல உருண்டையா கெட்டியா தலை, தட்டுனா ஆடுது. அவங்க கைய புடிச்சு அங்க வச்சு காட்டுனேன், "அடக்கடவுளே இது தலையா, நான் முட்டினு நெனச்சேன்"னு சிரிச்சாங்க. டேப் கவுத்து வச்சு அளந்தா 29.5. டேப் போட்டு, துடிப்பு கேட்டு, டாக்டரும் தொட்டு பாத்துனு ரொம்ப நேரம் மல்லாக்க படுத்திருந்தாங்க, திடீர்னு வேர்த்து தலை சுத்துதுன்னு சொல்ல, டாக்டர் உடனே இடது பக்கம் திருப்பி படுக்க வச்சாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு.

ஆனா நீங்க கேட்ட அந்த 20 வார ரிப்போர்ட்... நஞ்சுக்கொடி கீழ இருக்கு, 32 வாரத்துல திரும்ப பாக்கணும்னு கடைசி வரில போட்டிருக்கு. யாரும் பாக்கல. அவங்ககிட்டயும் யாரும் சொல்லல. இன்னைக்கே ஸ்கேனுக்கு எழுதியாச்சு, சாயந்திரம் தான் டைம் குடுத்திருக்காங்க.

பழையசிஸ்டர் எழுதினது:

அதான் கேட்டேன். மூணாவது பிரசவத்துல தளர்ந்த வயித்துல குழந்தை சும்மாவே குறுக்கா படுக்கும், அது ஒரு பக்கம். ஆனா கீழ எடத்த நஞ்சுக்கொடி அடைச்சுகிட்டா தலை எறங்க வழி இல்லாமலும் குறுக்கா படுக்கும். நீர் அதிகம், கட்டி, ரெட்டைக் குழந்தை, கர்ப்பப்பை அமைப்புன்னு மத்த காரணமும் இருக்கு, ஆனா முதல்ல நஞ்சுக்கொடிய தான் தேடணும். 20 வாரத்துல கீழன்னு வர்றதுல பெரும்பாலானது கர்ப்பப்பை வளர வளர மேல போயிடும். போயிடுச்சான்னு பாக்காம விடறது தான் வம்பு.

ஸ்கேன் வர்ற வரைக்கும் ரத்தம் பட்டா யாரும் உள்ள கைய விட்டு பாக்கக்கூடாது. அத கார்டு மேலயே பெருசா எழுதி வை. வேற எடத்துக்கு ஓட வேண்டி வந்தா அங்க இருக்கவங்களுக்கு அந்த வரி தான் தெரியும். நஞ்சுக்கொடி கீழ இருந்து வர்ற ரத்தம் பெரும்பாலும் வலி இல்லாம வரும், வலி இல்லையேன்னு அவங்க வீட்டுலயே துணி மாத்திட்டு படுத்துடுவாங்க. "வலி இல்லன்னாலும் வா"ன்னு நீ வாய் விட்டு சொல்லணும்.

அடுத்தது பனிக்குடம். தலை கீழ இருந்தா அது ஒரு மூடி மாதிரி அடைச்சுக்கும். குறுக்கா இருக்கப்ப கீழ ஒண்ணுமே இல்ல, தண்ணி உடைஞ்சா அதோட தொப்புள்கொடியோ கையோ நழுவி வந்துடலாம். அதனால அவங்ககிட்ட இப்படி சொல்லு: தண்ணி போன மாதிரி இருந்தா, ஈரமான்னு சந்தேகமா இருந்தாக்கூட, குளிச்சு டிரஸ் மாத்திட்டு வரலாம்னு நினைக்காதீங்க, நடமாடாதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு ஒருக்களிச்சு படுத்து இடுப்புக்கு கீழ தலையணை வச்சு தூக்கி வச்சுக்கோங்க. எதாவது கயிறு மாதிரி வெளிய தெரிஞ்சா தொடாதீங்க, உள்ள தள்ளாதீங்க. 34 வாரத்துல வலி விட்டு விட்டு வந்தாலும் அப்படியே கெளம்பணும். சொல்லிட்டு, அவங்களையே திருப்பி சொல்ல சொல்லு. தலையாட்டுறத நம்பாத.

கவலைஅப்பா எழுதினது:

எங்களுக்கு தெரிஞ்ச ஒரு பாட்டிம்மா எண்ணெய் போட்டு தடவியே குழந்தைய திருப்பிடுவாங்க, நெறைய பேருக்கு பண்ணிருக்காங்க. இவங்களுக்கும் பண்ணலாமே?

பழையசிஸ்டர் எழுதினது:

வேண்டவே வேண்டாம்பா. 34 வாரத்துல முக்காவாசி குழந்தை தானா திரும்பிடும், தடவினவங்களுக்கு பேர் வந்துடும், அவ்ளோதான். இவங்களுக்கு நஞ்சுக்கொடி எங்க இருக்குன்னே இன்னும் தெரியல, வெளிய இருந்து அழுத்தி தள்ளுனா அது பிச்சுக்கிட்டு வரலாம். வெளிய இருந்து திருப்பற முறை ஆஸ்பத்திரியிலயும் இருக்கு, ஆனா அது 36, 37 வாரம் ஆனப்புறம், ஸ்கேன் வச்சு, குழந்தை துடிப்ப பாத்துகிட்டே, ஆபரேஷனுக்கு தயாரா இருக்க எடத்துல மட்டும் பண்றது. நஞ்சுக்கொடி கீழ இருந்தா அங்கயும் தொட மாட்டாங்க.

ஏழாம்மாசம் எழுதினது (ரெண்டு நாள் கழிச்சு):

அக்கா நான் வார்டுல இருந்து டைப் பண்றேன். அன்னைக்கு போனப்ப பிரஷர் 160/110, யூரின்ல புரோட்டீன் 3 பிளஸ். ஃபிட்ஸ் வராம இருக்க ஊசி போட்டாங்க, பிரஷருக்கு மருந்து குடுத்தாங்க, குழந்தை நுரையீரலுக்கும் ஊசி போட்டாங்க. இப்போ பிரஷர் கொறைஞ்சிருக்கு, ஆனா டிஸ்சார்ஜ் இல்ல, டெலிவரி வரைக்கும் இங்கயே தான்னு சொல்றாங்க, எப்ப எடுப்பாங்கன்னு கேட்டா தினம் பாத்து தான் சொல்லுவோம்னு சொல்றாங்க. குழந்தை சின்னதா இருக்காம். வயிறு சின்னதா இருந்தது அதனால தானா அக்கா? திங்கக்கிழமை வரைக்கும் இருந்திருந்தா...

பழையசிஸ்டர் எழுதினது:

அதனால இருக்கலாம் கண்ணு. பிரஷர் ஏறுனா நஞ்சுக்கொடிக்கு போற ரத்தம் கொறையும், குழந்தை மெதுவா வளரும். போன செக்கப்புல டேப்ல எவ்ளோ வந்துச்சுன்னு கார்ட பாரு, எழுதிருக்கா இல்லையான்னாவது தெரியும். திரும்ப தலைவலியோ கண்ணு மங்கலோ மேல் வயித்து வலியோ வந்தா, பிரஷர் இப்பதான பாத்தாங்கன்னு சும்மா இருக்காத, அந்த நிமிஷமே சிஸ்டர கூப்பிடு. அவங்க சலிச்சுகிட்டா சலிச்சுகட்டும்.

முதல்டூட்டி எழுதினது:

ஸ்கேன் ரிசல்ட் சொல்ல மறந்துட்டேன். நஞ்சுக்கொடி மேல போயிடுச்சு, கர்ப்பப்பை வாய்ல இருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. நீர் சரியா இருக்கு. குழந்தை குறுக்கா தான், எடை வளர்ச்சிக் கோட்டோட கீழ் ஓரத்துல, கோட்டுக்கு உள்ள. ரத்த ஓட்டம் நல்லாருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப பாக்கணும்னு சொல்லிருக்காங்க.

லேபர்ரூம் எழுதினது:

பாத்தீங்களா, சின்ன குழந்தைன்னு நான் சொன்னேன்ல.

ஸ்கேன்ராஜா எழுதினது:

கீழ் ஓரம்னா சின்னதுன்னு ஆயிடாதுங்க. நாங்க போடற எடையே 10, 15 சதவீதம் முன்ன பின்ன இருக்கும். ரெண்டு வாரத்துல எவ்ளோ ஏறுதுன்னு பாத்தா தான் தெரியும்.

முதல்டூட்டி எழுதினது (ரெண்டு வாரம் கழிச்சு):

நல்ல சேதி! இன்னைக்கு 36 வாரம், குழந்தை திரும்பிடுச்சு. மேல மெத்துனு பிட்டம், இடது பக்கம் முதுகு, கீழ தலை. டேப் கவுத்து வச்சு அளந்தேன், 33.5. ரெண்டு வாரத்துல 4 சென்டிமீட்டர் ஏறிடுச்சு அக்கா, வளர்ச்சி சூப்பர்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன், ஒரே சந்தோஷம். சீனியர் கூட இப்போ டேப்ப கவுத்து தான் வைக்கறாங்க, என்கிட்ட ஒண்ணும் சொல்லல, ஆனா பாத்தேன்.

பழையசிஸ்டர் எழுதினது:

திரும்புனது சந்தோஷம். ஆனா "வளர்ச்சி சூப்பர்"ங்கறத திருப்பி வாங்கிக்கோ. ரெண்டு வாரத்துல எந்த குழந்தையும் 4 சென்டிமீட்டர் வளராது, சராசரியா வாரத்துக்கு 1 தான். படுத்திருந்த குழந்தை நிமிந்ததால உயரம் கூடிருக்கு. அன்னைக்கு 29 வந்தது வளர்ச்சி நின்னதுக்கு சாட்சி இல்லாத மாதிரியே இன்னைக்கு 33.5 வந்தது வளர்ச்சி நல்லாருக்கறதுக்கு சாட்சி இல்ல. குறுக்கா இருந்தப்ப எடுத்த அளவையும் நேரா இருக்கப்ப எடுத்த அளவையும் ஒரே கோட்டுல இணைக்கவே கூடாது. இவங்களுக்கு இன்னைல இருந்து தான் டேப் கணக்கு ஆரம்பம். எடைக்கு அந்த ஸ்கேன் வேணும், எழுதிட்டியா?

தலை எறங்கிருக்கா, இல்ல மேல மிதக்குதா? கால் பக்கம் திரும்பி நின்னு பாத்தியா?

முதல்டூட்டி எழுதினது:

ஸ்கேன் எழுதல அக்கா... டேப் நல்லா வந்துச்சேன்னு விட்டுட்டேன். இப்பவே போன் பண்றேன்.

தலை முழுசா மேல தான் இருக்கு, ரெண்டு கைக்கு நடுவுல நல்லா ஆடுது.

பழையசிஸ்டர் எழுதினது:

மூணாவது பிரசவத்துல வலி வர்ற வரைக்கும் எறங்காமலும் இருக்கும், அதுல தப்பில்ல. ஆனா மிதக்கற தலை திரும்பவும் பக்கவாட்டுக்கு போகலாம். பனிக்குடத்த பத்தி சொன்னது இன்னும் அப்படியே நிக்குது, திரும்பிடுச்சுன்னு அவங்க அத மறந்துட கூடாது. இனி வாரா வாரம் கை வச்சு பாரு.

லேபர்ரூம் எழுதினது:

ஒரு டவுட் சிஸ்டர். கர்ப்பப்பை வலது பக்கம் சாஞ்சிருந்தா அத நடுவுல தள்ளி வச்சுட்டு தான் அளக்கணும்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. இந்த பொண்ணு அப்படி செஞ்ச மாதிரி தெரியலயே.

பழையசிஸ்டர் எழுதினது:

எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நானும் ரொம்ப நாள் தள்ளி வச்சு தான் அளந்தேன். அப்புறம் வந்தவங்க, தள்ளாத, அது எப்படி சாஞ்சிருக்கோ அதே சாய்வுல டேப்ப போடுனு சொன்னாங்க. ரெண்டு விதமாவும் எழுதி வச்சிருக்காங்க.

முதல்டூட்டி எழுதினது:

நான் சாஞ்ச படியே தான் வச்சேன். எங்க சீனியர் தள்ளி வைப்பாங்க. அப்போ என் 33.5க்கு பக்கத்துல அடுத்த வாரம் அவங்க அளந்தா?

பழையசிஸ்டர் எழுதினது:

அடுத்த வாரமும் நீயே அள. லீவுன்னா எப்படி அளந்தன்னு கார்டு ஓரத்துல ஒரு வரி எழுதி வச்சுட்டு போ.

முதல்டூட்டி எழுதினது:

சரிக்கா. ஸ்கேன் வியாழக்கிழமை காலைல குடுத்திருக்காங்க.